இளஞ்சூடு அலுவலகத்தில் கீழே விழாத பொருட்கள்

யுகேந்திரன் எறிந்த ஸ்டேப்லர் தரையில் விழவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அந்த அறையில் இருந்த யாருமில்லை, கீழ்த்தளத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆறுச்சாமிதான். இரண்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது மேலே கத்தல் எழும்பி, அதன் முடிவில் 'தொம்' என்று ஏதாவது விழுந்து, கடையில் அடுக்கி வைத்த டம்ளர்கள் ஒருமுறை நடுங்கி அடங்குவதற்குப் பழகிப்போயிருந்த மனுஷர், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கத்தல் உச்சிக்குப் போயும் வரவேண்டிய சத்தம் வராமல் போகவே, வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்த குக்கரை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு மாடி ஏறி வந்தார். கதவருகே நின்று, "என்னாச்சுங்க, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார்.

ஸ்டேப்லர் நஸ்ரினின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் நின்றுகொண்டிருந்தது. நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் எறிந்த கையோடு திரும்பித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததால் அவர் அதைப் பார்க்கவில்லை. ஆறுச்சாமி கிட்டே வந்து, சுற்றிப் பார்த்து, விரலால் சுண்டி, கடையில் புதிதாக வந்த சரக்கைத் தட்டிப் பார்ப்பதுபோலக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நல்ல கெட்டியாகத்தான் நிற்கிறது என்று சொல்லிக் கீழே போனார். குக்கர் வியாபாரம் முடிய வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் சிங்காநல்லூர் பக்கம் இருந்த அந்தக் கம்பெனிக்கு இளஞ்சூடு என்று பெயர். கோழிக்குஞ்சு பொரிக்கிற எந்திரங்களில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டியை அவர்கள் செய்தார்கள். உள்ளே முப்பத்தேழரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெட்டியே பண்ணைக்காரரின் போனுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். முதலாளி யுகேந்திரனைத் தவிர வேலை பார்ப்பவர்கள் மொத்தமே நான்கு பேர். பண்ணைக்காரர்களோடு பேசுகிற மங்கையர்க்கரசி, எல்லாருக்கும் அரசி, முதல் நாளிலிருந்து இருப்பவர். பெட்டிக்குள் ஓடுகிற நிரலை எழுதுகிற ஜெபசிங். பற்றவைத்துப் பெட்டியை உருவாக்குகிற தங்கமுத்து, முன்னே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிற நஸ்ரின், கடைசியாக வந்தவள். இவளுக்கு முன் அதே நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் மதியம் சாப்பிடப் போனவன் போனவன்தான், டிபன் பாக்ஸைக்கூட வாங்க வரவில்லை.

யுகேந்திரனைச் சார் என்று கூப்பிடக் கூடாது, ப்ரோ என்றுதான் கூப்பிட வேண்டும். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று அவர் அடிக்கடி சொல்வார். காலையில் எறிந்தால் மதியம் எல்லாருக்கும் பிரியாணி வரும். உங்கள் மேல் உரிமை இருப்பதால்தானே கத்துகிறேன், வெளியாட்களிடம் கத்துவேனா என்று கண் கலங்கச் சொல்வார். மட்டன் துண்டைக் கடித்தபடி நால்வரும், பாவம், அவர் தலையில் எவ்வளவு பாரம் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மொட்டை மாடி என்று அவர்கள் நால்வருக்கு மட்டும் ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. காலையில் முதலில் வருபவர் யுகேந்திரனின் முகத்தைப் பார்த்துவிட்டு அதில் வெயில், மூட்டம், இடி என்று ஒற்றைச் சொல் போடுவார். இடி என்றால் அன்றைக்கு யாரும் எந்தக் கெட்ட செய்தியையும் சொல்ல மாட்டார்கள். அரசி தன் பங்குக்கு அவருடைய மேஜையிலிருந்து கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை எடுத்துவிட்டு ஸ்பாஞ்சுப் பந்து வைத்தார், எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் காகிதக் கோப்பை வைத்தார். எறிவதை நிறுத்துவதை விட்டுவிட்டு, எறிவதற்குத் தோதாகச் சாமான் அடுக்கிக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஸ்டேப்லரைத் தங்கமுத்து இழுத்துப் பார்த்தார், தொங்கிப் பார்த்தார், மேலும் கீழும் எண்ணெய் விட்டுப் பார்த்தார். அதன் வாய் திறந்து மூடியது, தாளில் பின் அடிக்கவும் செய்தது, இடம் மட்டும் மாறவில்லை. பொருளில் பழுதில்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பண்ணையிலிருந்து திரும்பி வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் அரசி ஒரு அட்டையை நூலில் கட்டி, தேதி, எந்தப் பண்ணை, என்ன பழுது என்று எழுதி வைப்பார். எழுதாத சாமான் எதையும் அவரால் சும்மா விட முடியாது. அதனால் ஸ்டேப்லரிலும் ஒரு அட்டையைக் கட்டினார். செவ்வாய், காலை பதினொன்று ஐந்து, எறிந்தது யுகேந்திரன், நஸ்ரின் மேல், சோதனை அறிக்கை ஒரு மணி நேரம் தாமதம், சொன்ன வார்த்தை 'மூளை இருக்கா', பார்த்தவர்கள் மூவர்.

அதற்குப் பிறகு யுகேந்திரன் எறிந்த எதுவுமே விழவில்லை. மவுஸ், மார்க்கர் பேனா, ஸ்பாஞ்சுப் பந்து, அரை லிட்டர் தண்ணீரோடு ஒரு பாட்டில், எல்லாம் யார் மேல் எறியப்பட்டதோ அவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் அரசி ஒரு அட்டை கட்டினார். முதல் சில நாள் யுகேந்திரன் பார்த்தும் பார்க்காததுபோல் சுற்றிப் போனார். பிறகு குனிந்து போனார். ஒரு நாள் ஆத்திரத்தில் தன் போனையே, எழுந்து நின்ற ஜெபசிங் மேல் எறிந்துவிட, அது அவன் நெற்றிக்கு நேரே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அழைப்பு வந்தால் அவர்தான் ஓடி வந்து, குதிகாலை உயர்த்தி, ஜெபசிங்கின் தலைக்கு மேல் மூக்கை நீட்டிப் பேச வேண்டியிருந்தது. தங்கமுத்து கூரையிலிருந்து அதற்கு ஒரு சார்ஜர் வயர் இறக்கிக் கொடுத்தார்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் அழகாக இருந்தது. கூரியர்க்காரர் ஹெல்மெட்டை மார்க்கரில் மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினார். மூன்றாம் மாடி தட்டச்சுப் பயிலகத்துப் பெண்கள் மழை நாளில் குடைகளைக் கொண்டுவந்து காயப்போட்டுப் போனார்கள். மீட்டர் பார்க்க வந்தவர், எங்கள் ஆபீசிலும் ஒருத்தர் இருக்கிறார், ஆனால் அவர் எறிந்தால் விழுந்து தொலைக்கிறது என்று பெருமூச்சு விட்டார். ஆறுச்சாமி மாலையில் கடை மூடுமுன் ஒருமுறை ஏறி வந்து இன்றைக்குப் புதுசு உண்டா என்று கேட்டுவிட்டுப் போவார். ஆயுத பூஜை வந்தபோது, தொழில் செய்கிற இடத்தில் எந்தப் பொருளை விடுவது என்று அரசி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார், ஸ்டேப்லருக்கு ஒரு முழம் கதம்பமும் சாத்தினார். முதலீடு செய்ய வந்த இரண்டு பேர் அதையெல்லாம் நவீனக் கலை என்று நினைத்துப் படம் பிடித்துப் போனார்கள். அவர்கள் இருந்த இரண்டு மணி நேரமும் யுகேந்திரனின் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. அரசி அதையும் ஒரு அட்டையில் எழுதி, கட்டுவதற்குப் பொருள் இல்லாததால், மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் நஸ்ரின் ஒரு பழுதைக் கண்டுபிடித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது பதினோரு மாதம். ஒரு வருஷம் முடிந்து அனுபவக் கடிதம் வாங்கிவிட்டால் வேறு எங்கேயும் போகலாம். அதற்கு முன் வெளியேறினால், ஒரு இடத்தில் நிலைத்து இருக்க மாட்டாள் என்று ஆகிவிடும், வீட்டிலும் படித்தது போதும் வேலைக்குப் போனது போதும் என்று உட்கார வைத்துவிடுவார்கள். உக்கடத்திலிருந்து பஸ் ஏறும்போதே அவள் மீதி நாட்களை விரல் விட்டு எண்ணுவாள். அன்று இருபத்தாறு நாள் மீதி இருந்தது.

பழுது இதுதான். கரண்ட் போய் ஜெனரேட்டர் போடும்போது பெட்டி ஒருமுறை அணைந்து எழும். சில பெட்டிகளில் வெப்பம் அளக்கிற முனை எழாமலே போய்விடும். அப்போது பெட்டி, அளக்க முடியவில்லை என்று சொல்லாமல், கடைசியாகப் பார்த்த முப்பத்தேழரையையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே முட்டைகள் வெந்தாலும் சரி குளிர்ந்தாலும் சரி, பண்ணைக்காரருக்கு அழைப்பு போகாது.

ஜெபசிங் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனான். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு செயல்விளக்கத்தில் அந்த முனை கோளாறாகித் திரையில் பூஜ்யம் தெரிந்தது. வந்தவர்கள் போனபின் யுகேந்திரன் கீபோர்டைத் தூக்கி அவன் மேல் எறிந்தார். அந்தக் காலத்தில் பொருட்கள் விழுந்துகொண்டிருந்தன, கீபோர்டு அவன் தோளில் பட்டுத்தான் விழுந்தது. இனி ஒருநாளும் பூஜ்யம் தெரியக் கூடாது என்று அன்றைக்கே அவன் நிரலை மாற்றினான். முனை பேசாவிட்டால் பழைய எண்ணையே காட்டு. எழுதியது அவன் கைதான், எழுத வைத்தது அந்தத் தோள் வலி.

அது புதன்கிழமை காலை. மறுநாள் வியாழன் பல்லடம் வட்டாரத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை என்று பேப்பரில் வந்திருந்தது. அங்கே வேலாத்தாள் என்ற அம்மாளின் பொரிப்பகத்தில் இருபதாயிரம் முட்டைகள் பத்தொன்பதாம் நாளில் இருந்தன, இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிய வேண்டியவை. புருஷன் போனபின் அவர் தனியாளாக நடத்துகிற இடம். ராத்திரி தூங்கவே பயந்த நான், உங்கள் பெட்டியை நம்பித்தான் கண்ணை மூடுகிறேன் கண்ணு என்று மாதம் ஒருமுறை அரசியைக் கூப்பிட்டுச் சொல்லுகிறவர்.

மொட்டை மாடிக் குழுவில் அன்றைக்கு வந்திருந்த சொல் இடி. வழக்கமாக என்றால் வெள்ளிக்கிழமை வரை மூடி மறைத்திருப்பார்கள். யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது, நானே சொல்கிறேன், கண்டுபிடித்தது நான்தானே என்றாள் நஸ்ரின். சொல்லும்போது அவளுடைய கை துப்பட்டாவின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. இருபத்தாறு நாளையும் அவள் அந்த நிமிஷத்தில் விட்டுவிடத் தயாராகிவிட்டாள் என்பது மற்ற மூவருக்கும் புரிந்தது. அரசிக்கு வெட்கமாக இருந்தது. மூன்று பேர் அந்த நாற்காலியிலிருந்து ஓடியபோதெல்லாம் தான் ஸ்பாஞ்சுப் பந்து வாங்கி வைத்ததைத் தவிர வேறென்ன செய்தோம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

கீழே டீக்கடையில் நின்று இருபது நிமிஷத்தில் அவர்கள் நாலு விஷயம் முடிவு செய்தார்கள். கெட்ட செய்தியை ஒருவர் தனியாகச் சொல்வதில்லை, நால்வரும் சேர்ந்து போய் நின்று சொல்வது. அவர் குரல் உயர்ந்தால் பதில் பேசாமல், அழாமல், நால்வரும் எழுந்து படியிறங்கி வந்துவிடுவது, பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போய் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பது. நீ மட்டும் வேறு, நீ அவர்களைப் போல இல்லை என்று யாரையாவது தனியே கூப்பிட்டுத் தேன் தடவினால், எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வது. இனி ஒரு பொருள் பறந்தால் நால்வரின் ராஜினாமாவும் ஒரே நாளில் மேஜைக்கு வரும் என்பதை, அவர் அமைதியாக இருக்கும் நேரத்தில், எழுத்தில் கொடுப்பது. கடிதத்தை அரசி எழுதினார். தங்கமுத்து மட்டும், எனக்கு ஐம்பத்திரண்டு வயசாகிறது, வேறு யார் வேலை கொடுப்பார் என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பிறகு முதல் கையெழுத்தாக அவருடையதைப் போட்டார்.

பத்தரை மணிக்கு நால்வரும் அறைக்குள் வரிசையாக நின்றார்கள். யுகேந்திரனின் மேஜையோரத்தில் வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருந்த சின்னப் பொரிப்பான் ஒன்று உண்டு. அதில் பன்னிரண்டு முட்டைகள் பொரிக்கிற நாளில் இருந்தன. ஒன்றில் முந்தின நாள் சாயங்காலமே குஞ்சு மூக்கால் ஓட்டைத் தட்டி நட்சத்திரம்போல் ஒரு விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்ப்பதற்காக அவர் மூடியைத் திறந்து வைத்திருந்தார். முட்டைகளோடும் குஞ்சுகளோடும் அவர் ஒருநாளும் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதில்லை. அதுதான் எல்லாரையும் குழப்பிய விஷயம்.

நஸ்ரின் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்திலேயே அவர் குரல் எழும்பிவிட்டது. நாளைக்கு மின்தடை என்பதை இன்றைக்கா சொல்கிறாய் என்று எழுந்தார், கை மேஜையைத் துழாவி, எப்போதும்போல் என்னவென்று பார்க்காமல் அகப்பட்டதை எடுத்து எறிந்தது. நஸ்ரின் இந்த முறை கண்ணை மூடவில்லை. அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் விரிசல் விட்ட அந்த முட்டை வந்து நின்றது. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

நால்வரும் பேசி வைத்தபடி திரும்பிப் படியிறங்கிப் போனார்கள். கீழே ஆறுச்சாமி சத்தத்துக்காகக் காத்திருந்து சலித்துப்போய் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். டீ சொல்லப்பட்டது. தங்கமுத்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்து நிமிஷம் கழித்து ஏறிப் போனபோது யுகேந்திரன், நஸ்ரின் நின்றிருந்த இடத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் காற்றில் நின்ற முட்டையைப் பொத்திப் பிடித்திருந்தன. விரிசல் விட்ட முட்டை குளிர்ந்தால் குஞ்சு உள்ளேயே செத்துவிடும் என்பது அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அசைக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உரக்கப் பேசினால் உள்ளே சத்தம் நின்றுபோகிறது என்பதையும் அதற்குள் கண்டுபிடித்திருந்தார்.

"நான் பார்க்கல," என்றார், கிட்டத்தட்டக் காதில் விழாத குரலில். "என்னன்னு பார்க்காமத்தான் எறிஞ்சேன்."

அரசிக்கு இரண்டு வருஷமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்தது. "உங்களுக்குக் கோபத்தை அடக்கத் தெரியாதுன்னு நாங்க இத்தனை நாள் நினைச்சோம். முதல் போடறவங்க வந்தா தெரியுது. குஞ்சுகிட்டத் தெரியுது. எங்ககிட்ட மட்டும்தானுங்க தெரியாமப் போகுது," என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லும்படி நஸ்ரினைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தக் கம்பெனியில் முதல்முறையாக ஒரு கெட்ட செய்தி ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்லப்பட்டது. இரண்டு கையும் மாட்டிக்கொண்ட ஒரு முதலாளி அதை முழுசாகக் கேட்டார். தான் எறிந்த கீபோர்டுக்குப் பயந்து பிறந்த பழுது என்று ஜெபசிங் சொன்ன இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன செய்யலாம் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நால்வரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள், ஒவ்வொருவரிடமும் ஒரு யோசனை எத்தனையோ நாளாக இருந்தது.

அன்றைக்கு அந்த அறையில் நடந்த வேலையை யாராவது பார்த்திருந்தால் திருவிழா என்று நினைத்திருப்பார்கள். முனை பேசாவிட்டால் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உடனே பண்ணைக்காரரைக் கூப்பிடும்படி ஜெபசிங் நிரலைத் திருத்தி எழுதினான். அவன் எழுத எழுத நஸ்ரின் பெட்டிகளின் கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தாள். திருத்திய நிரல் அன்று இரவே நெட் வழியாகப் பண்ணைகளில் இருந்த பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அரசி ஒவ்வொரு பண்ணைக்கும் போன் போட்டு, எங்கள் பெட்டியில் ஒரு தப்பு இருக்கிறது, நாளைக்கு அதை நம்ப வேண்டாம், பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து அரை மணிக்கு ஒருமுறை நீங்களே பாருங்கள் என்று மறைக்காமல் சொன்னார். வேலாத்தாள், "முன்னாடியே சொல்லிப்போட்டீங்க, அது போதுங் கண்ணு," என்றார். தங்கமுத்து நினைத்திருந்தால் முட்டைக்கு ஒரு பல்பைக் கட்டி யுகேந்திரனின் கையை ஐந்து நிமிஷத்தில் விடுவித்திருக்கலாம். அவர் ஒரு ஈரத்துணியைச் சூடாக்கிக் கொண்டுவந்து சுற்றிவிட்டு, அளவு பார்த்து, இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடியுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனார். மதியம் அரசி சாதத்தைப் பிசைந்து ஸ்பூனில் ஊட்டினார். அன்றைக்குப் பிரியாணி இல்லை, தயிர்சாதம்தான். தட்டச்சுப் பயிலகத்துப் பெண்கள் வகுப்பை விட்டு இறங்கி வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

நாலு மணிக்கு ஓடு இரண்டாகப் பிளந்தது. ஈரமாக, கோணல்மாணலாக, உலகத்தின் மேல் கடுங்கோபத்தோடு ஒரு குஞ்சு அவர் உள்ளங்கையில் விழுந்து கிடந்தது. ஓடு அங்கேயே நின்றது. யுகேந்திரன் அழுதார். எல்லாரும் என்னை மன்னித்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். எந்தப் பொருளும் அசையவில்லை. எட்டிப் பார்க்க மேலே வந்திருந்த ஆறுச்சாமிதான், "அட்டையைப் படிச்சுச் சொல்லிப் பாருங்க," என்றார்.

யுகேந்திரன் குஞ்சைப் பொரிப்பானில் விட்டுவிட்டு ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். ஜெபசிங் முன்னால் நின்று, இந்தத் தேதியில், இந்தக் காரணத்துக்காக, உன் மேல் போனை எறிந்தேன், இந்த வார்த்தையைச் சொன்னேன், செய்திருக்கக் கூடாது என்றார். ஜெபசிங் தலையசைத்ததும் போன் அவருடைய கையில் வந்து விழுந்தது. மவுஸ் விழுந்தது, மார்க்கர் விழுந்தது, பாட்டில் ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கியது. கடைசியாக ஸ்டேப்லர். அதன் அட்டையை அவர் இரண்டு முறை படித்தார், மூளை இருக்கா என்ற இடத்தில் குரல் உடைந்தது. நஸ்ரின் எல்லாவற்றையும் கேட்டாள்.

"கேட்டுக்கிட்டேன்," என்றாள். "இது அங்கேயே இருக்கட்டும்."

ஸ்டேப்லர் அங்கேயே இருந்தது. கையெழுத்துப் போட்ட கடிதத்தை மறுநாள் காலை, அவர் அமைதியாக இருந்தபோது, கொடுத்தார்கள். அவரும் அடியில் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினார். வியாழக்கிழமை பல்லடத்தில் கரண்ட் போயிற்று, இரண்டு பெட்டிகள், அளவு தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு போன் செய்தன, சனிக்கிழமை வேலாத்தாளின் கொட்டகையில் காது கொடுக்க முடியாத அளவுக்குக் கீச்சுச் சத்தம். அதற்காக ஒரே நாளில் மனுஷர் மாறிவிட்டார் என்று நான் கதை விடப் போவதில்லை. மூன்று வாரத்தில் இரண்டு முறை குரல் எழும்பியது. இரண்டு முறையும் நால்வரும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள், காலி நாற்காலிகளைப் பார்த்து ஒரு ஆள் எவ்வளவு நேரம் கத்த முடியும். பொருள் ஒன்றும் பறக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கப் போய்வந்தார், அதை அவரே சொன்னார்.

நஸ்ரினின் ஒரு வருஷம் முடிந்த அன்று, அவள் கேட்பதற்கு முன்பே, யுகேந்திரன் அனுபவக் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து எடுத்து வந்தார். இரண்டு பக்கம் இருந்தது. அந்த அலுவலகத்தில் ஸ்டேப்லர் அது ஒன்றுதான். அவர் அவளுடைய மேஜையருகே வந்து நின்று, உபயோகிக்கலாமா என்று கேட்டார். அவள் சரி என்றதும் தாள்களை அடுக்கி, குனிந்து, காற்றில் நின்ற ஸ்டேப்லரின் வாயில் கொடுத்து மெதுவாக அமுக்கினார்.

கடிதத்தை அவள் இரண்டு பக்கமும் படித்தாள். இனி எந்த நாளும் எழுந்து போகலாம் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷத்தை அவள் அந்த நாற்காலியில் அனுபவித்ததில்லை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள், பையை ஸ்டேப்லரில் மாட்டினாள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அன்றைக்குச் சோதிக்க வேண்டிய முதல் பெட்டியின் கரண்டைப் பிடுங்கினாள். கீழே ஆறுச்சாமியின் கடையில் ஒரு டம்ளர்கூட நடுங்கவில்லை.